63 எழுத்துச் சட்டமும் நாய்க் கேக்கும்



ஜெர்மன் மொழியில் ஒரு வரி படித்திராதவர்கள்கூட ஷாடன்ஃப்ராய்டெ என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆங்கில நாளிதழ்களின் அரசியல் பத்திகளிலும் விளையாட்டுப் பத்திகளிலும் அது அடிக்கடி தலைகாட்டும். ஷாடன் என்றால் கேடு, சேதம், நட்டம். ஃப்ராய்டெ என்றால் மகிழ்ச்சி. பிறருக்கு நேர்ந்த கேட்டைப் பார்த்து உள்ளுக்குள் மகிழ்வது என்று அதற்குப் பொருள். ஜெர்மன் பாடநூல்கள் இந்தச் சொல்லைக் காட்டி மாணவர்களுக்குத் தைரியம் சொல்வது வழக்கம். நீளத்தைக் கண்டு பயப்படாதே, இரண்டாக உடை, துண்டுகளின் பொருளைப் பார், முழுச்சொல்லின் பொருள் தானே வந்துவிடும் என்பார்கள்.

அந்த வாக்குறுதியைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். இந்தச் சொல்லை முன்பின் கேட்டிராத ஒருவரிடம் கேடு, மகிழ்ச்சி என்ற இரண்டு துண்டுகளை மட்டும் கொடுக்கிறோம் என்று வையுங்கள். கேடு செய்வதில் ஒரு போக்கிரிக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி என்று அவர் சொல்லலாம். குடியைப் போல, பின்னால் கேட்டில் கொண்டுபோய்விடும் மகிழ்ச்சி என்று சொல்லலாம். தனக்கு வந்த நட்டத்தையே ரசிக்கும் ஒரு விபரீத மனநிலை என்றும் சொல்லலாம். துண்டுகளை மட்டும் பார்த்தால் இந்த மூன்றில் எதையும் தவறு என்று தள்ள முடியாது. சரியான விடையை நாம் எட்டியது உடைத்ததால் மட்டும் இல்லை என்றால், வேறு எதனால்? இன்றைய உரை இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் உடைக்கிற வேலையைப் பார்த்துவிடலாம். ஜெர்மன் தொகைச்சொல்லில் கடைசித் துண்டுதான் தலை. சொல் எதைக் குறிக்கிறது, அதன் பால் என்ன, பன்மை எப்படி வரும் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கும். பீர்ஃபாஸ் என்றால் பீர் வைக்கும் பீப்பாய். இடம் மாற்றி ஃபாஸ்பீர் என்றால் பீப்பாயிலிருந்து பிடித்துத் தரும் பீர். தமிழனுக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை. 'வீட்டுத்தோட்டம்' ஒரு தோட்டம், 'தோட்டவீடு' ஒரு வீடு என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் வழியாக ஜெர்மன் கற்கிறவர்கள் வரிசையைத் தலைகீழாகத் திருப்பி 'இன்னதன் இன்னது' என்று அடுக்கிக்கொண்டு போவார்கள். அந்தச் சிரமம் நமக்கு வேண்டாம். தமிழ்ப் பெயர்த்தொகையின் வரிசையும் ஜெர்மன் தொகையின் வரிசையும் ஒன்றேதான். நம் ஊரில் ஜெர்மன் சொல்லித்தரும் வகுப்புகளில் இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளாமல் ஆங்கில உரையையே கட்டிக்கொண்டு அழுவது எனக்குத் தீராத வருத்தம்.

அடுத்தது மூட்டு. இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் பல நேரங்களில் ஒரு சிறு ஒலி வந்து உட்காரும். ஸ், ன், என், எர் போன்றவை. ஜெர்மன் இலக்கணத்தார் இதை இணைப்புறுப்பு என்கிறார்கள். நமக்குப் பழகிய பெயர் சாரியை. புளி, காய் என்ற இரண்டும் சேர்ந்து 'புளியங்காய்' ஆகும்போது நடுவே வரும் 'அம்' எதைக் குறிக்கிறது என்று நாம் கேட்பதில்லை. ஜெர்மனிலும் கேட்கக் கூடாது. கோழி முட்டைக்கு ஹ்யூனர்ஐ என்று பெயர். ஹ்யூனர் என்பதைத் தனியே எடுத்தால் கோழிகள் என்று பன்மையாக நிற்கும். முட்டை ஒன்றுதான், இட்ட கோழியும் ஒன்றுதான். காதல் கடிதத்துக்கு லீபெஸ்ப்ரீஃப் என்று பெயர். காதலைக் குறிக்கும் லீபெ பெண்பாற்சொல். ஆண்பால், ஒன்றன்பால் பெயர்களின் ஆறாம் வேற்றுமையில் வரும் ஸ் அதற்கு ஒருநாளும் வராது. இருந்தும் தொகையில் அந்த ஸ் வந்து ஒட்டிக்கொள்கிறது. வேற்றுமை உருபாகத் தொடங்கிய ஒலிதான், காலப்போக்கில் பொருளை உதிர்த்துவிட்டு வெறும் மூட்டாகிவிட்டது.

பொருள் போனாலும் பயன் போகவில்லை. உங், ஹைட், கைட், ஷாஃப்ட் என்ற ஈறுகளில் முடியும் பெயர்ச்சொல் தொகையின் முன்துண்டாக வந்தால் அதன் பின்னே ஸ் வந்தே தீரும். ஆகவே நீண்ட சொல் ஒன்றின் நடுவில் 'உங்ஸ்' என்று ஒலித்தால் அங்கே ஒரு மூட்டு இருக்கிறது என்று தயங்காமல் கோடு போடலாம். இந்த ஒரு குறிப்பு மட்டுமே அரசாங்கக் கடிதங்களில் பாதிச் சொற்களைப் பிரித்துக் கொடுத்துவிடும்.

செய்து பார்ப்போம். ஜெர்மனியின் வடகிழக்கு மாநிலமான மெக்லென்பூர்க்-ஃபோர்பொமர்ன் 1999இல் ஒரு சட்டம் இயற்றியது. மாடுகளுக்கு மூளையைத் தாக்கும் நோய் பரவி ஐரோப்பா அஞ்சிக் கிடந்த காலம் அது. சட்டத்தின் பெயரில் ஒரு சொல் ரோமன் எழுத்தில் 63 எழுத்து நீளம்: ரிண்ட்ஃப்ளைஷ்எட்டிகெட்டீருங்ஸ்யூபர்வாஹுங்ஸ்ஔஃப்காபென்யூபர்ட்ராகுங்ஸ்கெஸெட்ஸ். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். இதில் உங்ஸ் மூன்று இடத்தில் வருகிறது. மூன்றிலும் கோடு போட்டால் நான்கு துண்டு கிடைக்கும். ரிண்ட்ஃப்ளைஷ்எட்டிகெட்டீருங் முதல் துண்டு, யூபர்வாஹுங் இரண்டாவது, ஔஃப்காபென்யூபர்ட்ராகுங் மூன்றாவது, கெஸெட்ஸ் கடைசி. முதல் துண்டில் ரிண்ட்ஃப்ளைஷ் மாட்டிறைச்சி, எட்டிகெட்டீருங் விவரச்சீட்டு ஒட்டுதல். இரண்டாவது, கண்காணிப்பு. மூன்றாவதில் ஔஃப்காபெ என்பது பணி, ன் சாரியை, யூபர்ட்ராகுங் ஒப்படைப்பு. கெஸெட்ஸ், சட்டம். இடமிருந்து வலமாக அப்படியே தமிழில் வையுங்கள்: மாட்டிறைச்சி விவரச்சீட்டு ஒட்டல் கண்காணிப்புப் பணி ஒப்படைப்புச் சட்டம். ஒரு துண்டைக்கூட இடம் மாற்றவில்லை. நம் அரசாணைகளில் இதைவிட நீளமான தலைப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாம் இடைவெளி விட்டு எழுதுகிறோம், அவர்கள் விடுவதில்லை, அவ்வளவுதான். அந்தச் சட்டத்துக்கு வேலை இல்லாமல் போய் 2013இல் அதை விலக்கிக்கொண்டார்கள். சொல்லும் சட்டத்தோடு போயிற்று.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இத்தனை நீளமான சொல்லின் பொருளில் நமக்கு எந்த ஐயமும் எழவில்லை. எதை ஒட்டுவது, எதைக் கண்காணிப்பது, எதை ஒப்படைப்பது என்று ஒவ்வொரு துண்டும் தனக்கு முன்னால் நிற்பதைப் பார்த்துக் கேட்கிறது, விடை அங்கேயே இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

உடைப்பதில் தவறுவது எப்படி? ஜெர்மனில் தமிழைப் போல ஒற்று மிகுதலோ, எழுத்துத் திரிதலோ, கெடுதலோ சேருமிடத்தில் பொதுவாக நடப்பதில்லை. பள்ளிக்கான ஷூலெ, 'பள்ளிப் புத்தகம்' என்னும்போது ஈற்று எகரத்தை இழந்து ஷூல்பூஹ் ஆவது போன்றவை சில உண்டு. மற்றபடி துண்டுகள் சிதையாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சிதையாததுதான் சிக்கலும். சேர்ந்த இடத்துக்குத் தடயமே இருக்காது. ஷ்டௌபெக்கன் என்ற சொல்லை ஷ்டௌ, பெக்கன் என்று பிரித்தால் நீர் தேக்கும் தொட்டி, அதாவது நீர்த்தேக்கம். ஷ்டௌப், எக்கன் என்று பிரித்தால் தூசி படிந்த மூலைகள். இரண்டும் ஒழுங்கான ஜெர்மன்தான். ஜெர்மன் குழந்தைகள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் புதிர் ஒன்று உண்டு. ப்ளூமென்டோப்ஃபேர்டெ என்று எழுதிக்காட்டி, 'ப்ளூமென்டோ' இனத்துக் குதிரை எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். குதிரைகளைக் குறிக்கும் ப்ஃபேர்டெ கண்ணில் பட்டதும் நாம் அதைப் பிடித்துக்கொள்கிறோம். அங்கே குதிரை கிடையாது. ப்ளூமென்டோப்ஃப் என்றால் பூந்தொட்டி, ஏர்டெ என்றால் மண். தொட்டிச் செடிக்குப் போடும் மண், அவ்வளவுதான்.

தவறாக உடைத்திருக்கிறோம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எச்சம் மிஞ்சுகிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. 'ப்ளூமென்டோ' என்று ஒரு சொல் கிடையாது. துண்டுகள் எல்லாமே தனித்து நிற்கும் சொல்லாகவோ, தெரிந்த சாரியையாகவோ, தெரிந்த ஈறாகவோ இருக்க வேண்டும். ஷ்டௌபெக்கனில் இந்தச் சோதனை கைகொடுக்காது, இரண்டு வெட்டும் தேறிவிடும். அங்கே வாக்கியம்தான் நீதிபதி. அணையைப் பற்றிப் படிக்கிறோமா, வீடு கூட்டுவதைப் பற்றிப் படிக்கிறோமா என்பதில் எல்லாம் இருக்கிறது. ஜெர்மானியர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு என்பதால் மயக்கம் தரும் சொல்லில் நடுவே சிறுகோடு இட்டுக்கொள்ள அவர்களுடைய எழுத்து விதி இடம் தருகிறது. பேச்சில் இந்தத் தொல்லை குறைவு. வாஹ்ஷ்டூபெ என்றால் காவலர் அறை, வாக்ஸ்டூபெ என்றால் மெழுகுக் குழாய். எழுத்தில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று, காதில் வேறு வேறு.

எல்லாத் துண்டும் சரியாகக் கிடைத்த பிறகும், எது எதனோடு முதலில் சேர்ந்தது என்ற சிக்கல் ஒன்று மிஞ்சும். மேட்ஷென் என்றால் சிறுமி, ஹாண்டெல் என்றால் வணிகம், ஷூலெ என்றால் பள்ளி. மேட்ஷென்ஹாண்டெல்ஸ்ஷூலெ என்ற சொல்லில் வணிகமும் பள்ளியும் முதலில் சேர்ந்தால் அது பெண்பிள்ளைகளுக்கான வணிகப் பள்ளி. சிறுமியும் வணிகமும் முதலில் சேர்ந்தால், சொல்லவே கூசும் பொருள் வந்துவிடும். அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை வைத்துக் கேட்பவர் இதைப் பிரித்தறிவார். ஹாண்டெல் மேல் அழுத்தம் விழுந்தால் மரியாதையான பள்ளி.

இப்போது உடைத்த துண்டுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு ஜெர்மன் இலக்கண நூல்களில் தேடுவதற்கு முன் நம் இலக்கணத்தைத் திறக்கலாம். தொல்காப்பியமும் நன்னூலும் தொகைகளை ஆறாக வகுத்தன. அவற்றில் வேற்றுமைத்தொகையைப் பற்றிப் பேசும்போது உரையாசிரியர்கள் 'உருபும் பயனும் உடன்தொக்க தொகை' என்று ஒரு நுட்பமான வகையைச் சொல்வார்கள். 'பொற்குடம்' என்றால் பொன்னால் ஆகிய குடம். 'தண்ணீர்க்குடம்' என்றால் தண்ணீரை உடைய குடம். 'ஆல்' என்ற உருபும் 'ஆகிய' என்ற பயனும் ஒன்றில் மறைந்திருக்கின்றன, 'ஐ' உருபும் 'உடைய' என்ற பயனும் மற்றொன்றில் மறைந்திருக்கின்றன. சொல்லை எத்தனை முறை வெட்டினாலும் மறைந்தது வெளியே வராது, ஏனென்றால் அது எழுத்தில் இல்லை. வெட்டுவதால் கிடைப்பது இருக்கிற துண்டுகள், நமக்கு வேண்டியதோ இல்லாத துண்டு.

கூஹென் என்றால் கேக். ஆப்ஃபெல்கூஹென், ஆப்பிள் போட்டுச் செய்த கேக். மார்மோர்கூஹென், மார்மோர் என்றால் பளிங்கு, வெட்டினால் பளிங்கு போல வரியோடித் தெரியும் கேக். ஹுண்டெகூஹென், ஹுண்ட் என்றால் நாய், எகரம் சாரியை. நாயைப் போட்டுச் செய்ததும் இல்லை, நாய் போலத் தெரிவதும் இல்லை, நாய்க்குத் தரும் பிஸ்கெட். தலை ஒன்றே, மறைந்த உறவு மூன்று. கோதுமை அல்வாவில் கோதுமை இருக்கிறது, திருநெல்வேலி அல்வாவில் திருநெல்வேலி இல்லை, அதைத் தின்னும் யாரும் குழம்புவதுமில்லை. ஆப்பிள் தின்னும் பொருள், பளிங்கு பார்க்கும் பொருள், நாய் தின்னும் உயிர் என்ற உலக அறிவுதான் மறைந்த உருபை நமக்கு எடுத்துக் கொடுக்கிறது. நம் பள்ளிகளில் புழங்கும் கிண்டர்கார்டன், ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் 1840இல் உருவாக்கிய சொல். கிண்டர் குழந்தைகள், கார்டன் தோட்டம். காய்கறித் தோட்டமான கெம்யூஸெகார்டனில் காய்கறி வளர்கிறது, பீர்கார்டனில் பீர் வளர்வதில்லை, அங்கே உட்கார்ந்து குடிக்கிறார்கள். குழந்தைகள் தோட்டத்துக்கு வருகிறவர்களா, அங்கே வளர்கிறவர்களா? ஃப்ரோபெலுக்கு இரண்டு பொருளும் வேண்டியிருந்தது.

11 எழுத்துள்ள ஹுண்டெகூஹென் நம்மை இப்படித் திணறடிக்கிறது, 63 எழுத்துள்ள சட்டம் தெளிவாகப் புரிந்துவிடுகிறது. ஏன் இப்படி? விடை தலைச்சொல்லின் குணத்தில் இருக்கிறது. கேக், தோட்டம், குடம் போன்றவை தம்மளவில் நிறைந்த பெயர்கள். 'கேக்' என்று சொன்னால் 'எதை?' என்ற கேள்வி எழுவதில்லை. அதனால் முன்னால் எந்தத் துண்டு வந்தாலும் எந்த உறவில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். 'கண்காணிப்பு', 'ஒப்படைப்பு' போன்றவை வினையிலிருந்து பிறந்த பெயர்கள். அவை தம் வினையின் பசியைக் கூடவே கொண்டுவருகின்றன. கண்காணிப்பு என்றதும் 'எதை?' என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. முன்துண்டு அந்தக் கேள்விக்கு விடையாகப் போய் அமர்ந்துகொள்ளும். வேறு உறவைக் கற்பனை செய்ய மனம் முனைவதே இல்லை. ஆகவே நீளம் ஒரு பொருட்டே இல்லை. சொல்லின் வலது முனையைப் பார்த்து, இந்தத் தலை கேள்வி கேட்கும் தலையா, கேட்காத தலையா என்று முதலில் முடிவுசெய்யுங்கள். கேட்காத தலை என்றால் அகராதி தேவைப்படும்.

ஃப்ராய்டெ எந்த வகை? அது வினையோடு உறவுள்ள பெயர். மகிழ்தல் என்றதும் 'எது குறித்து' என்ற கேள்வி எழும், ஜெர்மனில் அதற்கென்றே முன்னிடைச்சொல்லும் உண்டு. ஆகவே இது கேள்வி கேட்கும் தலை. ஆனால் ஒரு கேள்வியோடு நிற்பதில்லை. 'எதைக் குறித்து?' என்றும் கேட்கும், 'யாருடைய?' என்றும் கேட்கும். ஃப்ராய்டெயில் முடியும் வேறு சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும். வீடர்ஸேயென்ஸ்ஃப்ராய்டெ, மீண்டும் சந்திப்பது குறித்த மகிழ்ச்சி. லேபென்ஸ்ஃப்ராய்டெ, வாழ்வதில் காணும் மகிழ்ச்சி. இவை 'எதைக் குறித்து' என்ற கேள்விக்கு விடை. ஃபாட்டர்ஃப்ராய்டென் என்றால் தந்தையின் மகிழ்ச்சிகள், பிள்ளை பெற்ற தகப்பன் அடைவது. இது 'யாருடைய' என்ற கேள்விக்கு விடை. எந்த இருக்கை யாருக்கு என்று எப்படி முடிவாகிறது? முன்துண்டு மகிழத் தெரிந்த ஆளாக இருந்தால் அவருக்கு 'யாருடைய' என்ற இருக்கை. பொருளாகவோ நிகழ்வாகவோ இருந்தால் 'எதைக் குறித்து' என்ற இருக்கை. கேட்டுக்கு மகிழத் தெரியாது. ஆகவே ஷாடன் இரண்டாவது இருக்கைக்குத்தான் போக முடியும்: கேடு குறித்த மகிழ்ச்சி.

முதல் துண்டை வைத்து ஊகிக்க முயன்றிருந்தால் வழி தவறியிருப்போம். ஷாடன்ட்ஸௌபர் என்று ஒரு சொல் இருக்கிறது. ட்ஸௌபர் மந்திரம். கேடு விளைவிக்கும் மந்திரம், நம் ஊர்ப் பேச்சில் செய்வினை. இங்கே கேடு மந்திரத்தின் விளைவு. இதைத் தெரிந்தவர் அதே அச்சில் ஷாடன்ஃப்ராய்டெயையும் வார்த்துக் கேடு விளைவிக்கும் மகிழ்ச்சி என்று சொல்லிவிடுவார். அதனால்தான் மாணவர்களுக்கு நான் சொல்வது, அகராதியில் முன்துண்டு ஒத்த சொற்களைத் தேடாதீர்கள், அவை அகரவரிசையில் பக்கத்திலேயே இருப்பதால் எளிதாகக் கிடைக்கின்றன, ஆனால் உதவுவது குறைவு. கடைத்துண்டு ஒத்த சொற்களைத் தேடுங்கள். அச்சு அகராதியில் அதற்கு வழியில்லாமல் இருந்தது. கணினி அகராதிகளில் சொல்லின் ஈற்றை வைத்துத் தேட முடிகிறது.

இவ்வளவு செய்தும் ஒன்று பாக்கி. கேடு யாருக்கு? ஃப்ராய்டெ அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, சொல்லிலும் விடை கிடையாது. 'பிறருக்கு' என்பதும், 'அந்தக் கேட்டை நான் செய்யவில்லை, வேடிக்கை பார்ப்பவன் மட்டுமே' என்பதும் வழக்கு ஏற்றிய பொருள். அரிஸ்டாட்டில் இதே உணர்வுக்குக் கிரேக்கத்தில் பயன்படுத்திய எபிகைரெகாகியா என்ற சொல்லும் கேடு, மகிழ்தல் என்ற இதே துண்டுகளால் ஆனதுதான். அங்கும் யாருக்குக் கேடு என்பதைத் துண்டுகள் சொல்வதில்லை.

தலையே தலையாக இல்லாத சொற்களும் உண்டு. டிக்கோப்ஃப் என்றால் தடித்த தலை. அது தலையைக் குறிப்பதில்லை, பிடிவாதக்காரரைக் குறிக்கிறது. ரோட்கேல்ஷென், சிவந்த சிறு தொண்டை, ஒரு பறவையின் பெயர். நமக்கு இது அன்மொழித்தொகை, 'பொற்றொடி' என்றால் தொடியை விட்டுவிட்டுப் பெண்ணைக் காண்கிற அதே வித்தை. வினைத்தொகைக்கும் இணை இருக்கிறது. ஷ்ரைப்டிஷ் என்பதில் ஷ்ரைப் எழுது, டிஷ் மேசை. எழுதிய மேசையா, எழுதுகிற மேசையா, எழுதும் மேசையா என்று காலம் காட்டாமல் நம் 'எழுதுகோல்' போலவே நிற்கும். இவற்றை மேலோட்டமாகத் தாண்டிப் போகிறேன்.

உடைப்பதே தவறாகிவிடும் சொற்கள் இன்னொரு வகை. ஃப்ரீட்ஹோஃப் என்றால் கல்லறைத் தோட்டம். ஃப்ரீடெ அமைதி, ஹோஃப் முற்றம். அமைதி உறங்கும் முற்றம் என்று கவித்துவமாகப் பிரித்து மகிழ்வார்கள், ஜெர்மானியர்களும் அப்படித்தான் உணர்கிறார்கள். ஆனால் பழைய ஜெர்மனில் அது வேலியிட்டுக் காக்கப்பட்ட முற்றம். அமைதி பிறகு வந்து ஏறிக்கொண்டது. மௌல்வுர்ஃப் என்றால் நிலத்தடியில் வளை தோண்டும் அகழெலி. மௌல் விலங்கின் வாய், வுர்ஃப் எறிதல். வாயால் மண்ணை எறியும் பிராணி என்று நினைக்கத் தோன்றும். அது மண்ணைத் தள்ளுவது முன்னங்கால்களால். சொல்லின் பழைய வடிவத்தில் முதல் துண்டு மண்குவியலைக் குறித்தது, பின்னர் மண்ணைக் குறிக்கும் வேறொரு சொல்லாக மாறியது, அந்தச் சொல்லும் வழக்கொழிந்தபோது மக்கள் தங்களுக்குத் தெரிந்த வாயை அங்கே வைத்துவிட்டார்கள். ஃப்ரைடாக் என்ற வெள்ளிக்கிழமையை ஃப்ரை, டாக் என்று உடைத்தால் 'விடுமுறை நாள்' என்று வரும். விடுமுறையும் இல்லை, ஒன்றும் இல்லை. ரோமானியர்கள் வீனஸ் தெய்வத்துக்கு உரியதாக்கிய நாளை ஜெர்மானியர்கள் தங்கள் ஃப்ரீயா தெய்வத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். நம் வெள்ளியும் அதே வீனஸ் கோள்தான்.

இவற்றில் எப்படி ஏமாறாமல் இருப்பது? ஓர் அடையாளம் உண்டு. துண்டுகள் தரும் பொருள் அழகாக இருந்து, சொல் உண்மையில் குறிப்பதோடு அது பொருந்துவதற்கு ஒரு கதை தேவைப்பட்டால் சந்தேகப்படுங்கள். அரசாங்கச் சொற்களுக்குக் கதை தேவைப்படாது. விலங்கு, செடி, கிழமை, நோய் போன்ற பழஞ்சொற்களில்தான் இந்தப் பள்ளங்கள் இருக்கின்றன. பொறாமையைக் குறிக்கும் ஐஃபர்ஸுஹ்ட் என்ற சொல்லில் ஸுஹ்ட் என்பதைத் தேடுவதைக் குறிக்கும் ஸூஹென் என்ற வினையோடு பலரும் இணைக்கிறார்கள். அது உண்மையில் நோய். மஞ்சள் காமாலைக்குக் கெல்ப்ஸுஹ்ட், மஞ்சள் நோய் என்ற பெயர் இன்றும் இருப்பது அதற்குச் சாட்சி. இங்கும் கடைத்துண்டு ஒத்த சொல்தான் காட்டிக்கொடுத்தது.

கடைசியாக, இந்த வேலை வாழ்க்கையைத் தொடும் ஓரிடத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் நம் பிள்ளைகள் வீட்டில் குடியேறியதும் இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிவுசெய்ய வேண்டும். 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டத்தின்படி அதற்கு வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்ற தாள் வேண்டும். உங்ஸ் தெரிகிறது, கோடு போடுங்கள். வோனுங் குடியிருப்பு, கேபர் கொடுப்பவர், பெஷ்டேட்டிகுங் உறுதிச்சான்று. உறுதிப்படுத்துதல் கேள்வி கேட்கும் தலை: யார் உறுதிப்படுத்துவது, எதை உறுதிப்படுத்துவது? எம்ப்ஃபாங்ஸ்பெஷ்டேட்டிகுங் என்பதில் எம்ப்ஃபாங் பெற்றுக்கொள்ளல், அது ஒரு நிகழ்வு, ஆகவே பெற்றதை உறுதிப்படுத்தும் சீட்டு. இங்கே முன்துண்டு ஓர் ஆள். ஆகவே குடியிருப்பைக் கொடுப்பவர் தரும் சான்று. இன்னாரை வீட்டுக்காரர் என்று உறுதிப்படுத்தும் தாள் என்று சிலர் தவறாக எண்ணிப் பத்திரத்தைத் தேடி அலைகிறார்கள். துண்டு இன்னொன்றையும் சரியாகச் சொல்கிறது. அவர் கட்டட உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. தான் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஓர் அறையை உங்களுக்கு விட்டிருக்கும் மாணவரும் 'கொடுப்பவர்'தான், அவர் கையெழுத்தும் செல்லும்.

இதே முறை காலை வாரிவிடும் இடமும் அதே அலுவலகங்களில்தான் இருக்கிறது. ஈழத்திலிருந்து புகலிடம் கேட்டுப் போன நம் உறவுகள் கையில் வைத்திருந்த தாள்களின் பெயர்களைப் பாருங்கள். ஔஃபென்ட்ஹால்ட்ஸ்கெஷ்டாட்டுங் ஒன்று, ஔஃபென்ட்ஹால்ட்ஸ்எர்லௌப்னிஸ் மற்றொன்று. முன்துண்டு இரண்டிலும் தங்குதல். ஸ் சாரியை. கெஷ்டாட்டுங் என்றாலும் எர்லௌப்னிஸ் என்றாலும் அனுமதி. இரண்டும் கேள்வி கேட்கும் தலைகள், 'எதற்கு?' என்ற கேள்விக்கு இரண்டிலும் ஒரே விடை. நாம் கற்ற எல்லா விதியும் 'தங்க அனுமதி' என்று ஒரே பொருளைத்தான் தரும். சட்டத்தில் முதலாவது, புகலிட விண்ணப்பம் விசாரணையில் இருக்கும்வரை மட்டும் தங்கலாம் என்பது. அது புகலிடச் சட்டத்தைச் சேர்ந்தது, வதிவிட உரிமைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. இரண்டாவது, வதிவிடச் சட்டம் தரும் உரிமை. காலவரையறை உண்டு, ஒரு நோக்கத்துக்காகத் தரப்படுவது, நீட்டிக்கக் கூடியது. காலவரையறை இல்லாததற்கு நீடர்லாஸுங்ஸ்எர்லௌப்னிஸ் என்று வேறு பெயர், அதில் மட்டும் 'குடியமர்தல்' என்ற முன்துண்டு வேறுபாட்டை வெளியே காட்டுகிறது. முதல் இரண்டுக்கும் வேறுபாடு துண்டிலும் இல்லை, மறைந்த உருபிலும் இல்லை. சட்டம் இயற்றியவர்கள் ஒத்த பொருளுள்ள இரண்டு சொற்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை எழுதிவைத்தார்கள். ஆகவே அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் கடைத்துண்டு அனுமதி, உரிமை, சான்று, முடிவு என்ற வகையைச் சேர்ந்ததாக இருந்தால் பிரித்துப் படித்துவிட்டு நிற்காமல், கடிதத்தில் கொடுத்திருக்கும் சட்டப் பிரிவு எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணை வைத்துச் சட்டத்தைத் திறந்தால் முதல் உட்பிரிவிலேயே பெரும்பாலும் வரையறை இருக்கும்.